பட்டயம் பட்டம் ஆகிவிடக் கூடாது: வெளிநாட்டு வேலைக்கு ரெஸ்யூமேயை மொழிபெயர்ப்பது எப்படி?

கேள்வி: மெக்கானிக்கல் பட்டயப் படிப்பு முடித்து, இரண்டு தொழிற்கூடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். சான்றிதழ், அனுபவக் கடிதங்கள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. ஜெர்மனியில் ஒரு கம்பெனி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. கடைசிப் பதவி ‘முதுநிலை இயந்திர இயக்குநர்’. அதை இன்ஜினியர் என்று போடு, தேதிக்குப் பதில் வருஷம் மட்டும் போட்டால் நடுவில் இருக்கும் 5 மாத இடைவெளியும் தெரியாது என்று சொல்கிறார்கள். அப்படிப் போடலாமா? இல்லையென்றால் எப்படி மொழிபெயர்ப்பது?

பதில்:

இரண்டையும் செய்யாதீர்கள். அதைச் செய்யாமலேயே உங்கள் ரெஸ்யூமேயை அவர்களுக்குப் புரிகிற மாதிரி, உங்களுக்குச் சாதகமாகவும் எழுத முடியும். எப்படி என்று உங்கள் காகிதங்களை வைத்தே சொல்கிறேன். பல வருடங்களாக இந்த மாதிரி ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள் மிகக் குறைவு. நல்லபடியாகத் தெரியட்டுமே என்று ஒரு சொல்லை மாற்றி, அதனால் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பவை இரண்டு வகைக் காகிதங்கள். ரெஸ்யூமே நீங்கள் எழுதுவது. எதை முதலில் சொல்வது, எதை விரித்துச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். சான்றிதழும் அனுபவக் கடிதமும் வேறொருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. அவற்றின் மொழிபெயர்ப்பில் உங்கள் விருப்பத்துக்கு இடமே இல்லை. அதில் இருப்பது அத்தனையும் வர வேண்டும், இல்லாதது ஒன்றுகூட வரக் கூடாது. உங்களிடம் சொன்னவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். ரெஸ்யூமேயில் விளக்கம் சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த விளக்கம் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும். பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரக் கூடாது.

சரி, பதவிப் பெயருக்கு வருவோம். இதில்தான் தமிழ் நம்மைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

‘இயக்குநர்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் டைரக்டரும் இயக்குநர்தான், லேத் மெஷினை ஓட்டுகிறவரும் இயந்திர இயக்குநர்தான். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கிறவர், அல்லது இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுகிறவர், ‘மெஷின் டைரக்டர்’ என்று எழுதிவிடுவார். அப்படி ஒரு பதவி எங்குமே கிடையாது. படிக்கிறவருக்கு ஏதோ மேலாண்மைப் பதவி போலத் தோன்றும். இங்கே சரியான சொல் மெஷின் ஆப்பரேட்டர்.

அடுத்தது ‘முதுநிலை’. இது இன்னும் ஆபத்தான சொல். பதவிக்கு முன்னால் வந்தால் சீனியர் என்று பொருள். படிப்புக்கு முன்னால் வந்தால் பட்ட மேற்படிப்பு. இதே போல ‘இளநிலை உதவியாளர்’ என்றால் ஜூனியர் அசிஸ்டென்ட், ‘இளநிலைப் பட்டம்’ என்றால் பேச்சலர்ஸ் டிகிரி. படிப்பும் வேலையும் ஒரே பக்கத்தில் இருக்கும் கடிதங்களில் இவை இடம் மாறி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பதவி ‘சீனியர் மெஷின் ஆப்பரேட்டர்’. அவ்வளவுதான். அதுவே மரியாதையான பதவிதான்.

ஆனால் இப்படி நானோ நீங்களோ முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தொழிற்கூடம் உங்கள் பதவியை எங்காவது ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதிக் காகிதம், பழைய மின்னஞ்சல், எதுவாக இருந்தாலும் சரி. அதில் ‘சீனியர் ஆப்பரேட்டர்’ என்று இருந்தால் அதுதான் உங்கள் ஆங்கிலப் பதவிப் பெயர். நம்முடைய மொழிபெயர்ப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு அடுத்த இடம்தான். காரணம் எளிமையானது. நாளைக்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் உங்கள் பழைய முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால், அவர் தன் பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் பதிலாக எழுதுவார். பதிவேடும் ரெஸ்யூமேயும் ஒன்றையே சொல்ல வேண்டும். பட்டயச் சான்றிதழிலும் இதே விதிதான். அதில் தமிழோடு ஆங்கிலமும் அச்சாகியிருந்தால், அந்த ஆங்கிலச் சொற்களை எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்து. ஆரம்ப காலத்தில் ஒருவருடைய கடிதத்தில் ‘இளநிலை ஆய்வக உதவியாளர்’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் ‘லேபரட்டரி அசிஸ்டென்ட்’ என்றாலே போதுமே, ஜூனியர் எதற்கு என்று அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். வேலை கொடுத்தவர்கள் பழைய இடத்தில் விசாரித்தபோது ‘ஜூனியர்’ என்று பதில் போயிருக்கிறது. அவர் பதவியை உயர்த்திக் காட்டினார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் விளக்கம் எழுதி, திருத்திய மொழிபெயர்ப்பை அனுப்பி, அது தீர வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பது இன்றும் என் மனதில் இருக்கிறது. அதிலிருந்து அடைமொழியை விடுவதே இல்லை. துணை, உதவி, இளநிலை, தற்காலிக, பயிற்சி, பொறுப்பு என்று பதவிக்கு முன்னால் என்ன ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது மொழிபெயர்ப்பிலும் வந்தாக வேண்டும். ‘பொறுப்பு மேலாளர்’ என்பவர் மேலாளர் இல்லாத நேரத்தில் அந்த வேலையைப் பார்த்தவர். அவரை ‘ரெஸ்பான்சிபிள் மேனேஜர்’ என்றும் எழுதக் கூடாது, வெறும் ‘மேனேஜர்’ என்றும் எழுதக் கூடாது. அவர் ‘ஆக்டிங் மேனேஜர்’.

இன்ஜினியர் என்ற யோசனையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் அது இல்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் நீங்கள் போகிற நாடு. ஜெர்மனியில் ‘இன்ஜெனியர்’ என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கென்று சட்டம் இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் படிப்பு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. கனடாவிலும் மாகாணங்கள் இதே போலக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் நம்மிடையே சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிற ஒரு சொல், அங்கே உரிமம் சம்பந்தப்பட்ட கேள்வியாக மாறிவிடும். ஒருவேளை யாருடைய அனுபவக் கடிதத்திலாவது நிஜமாகவே ‘பொறியாளர்’ என்று இருந்து, அவர் படிப்பு பட்டயமாக இருந்தால் என்ன செய்வது? கடிதத்தின் மொழிபெயர்ப்பில் இன்ஜினியர் என்றே வரும், வேறு வழியில்லை. ரெஸ்யூமேயில், அது அந்த நிறுவனம் கொடுத்த பதவிப் பெயர் என்பதும் படிப்பு பட்டயம் என்பதும் அடுத்தடுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அப்படியென்றால், ‘மெஷின் ஆப்பரேட்டர்’ என்ற பெயரைப் பார்த்து அவர்கள் பட்டனை அமுக்குகிற ஆள் என்று நினைத்துவிட்டால்? இந்தக் கவலை நியாயமானது. அதற்குப் பதில் பதவிப் பெயருக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது. நீங்கள் சிஎன்சி லேத்தில் செட்டிங் செய்தீர்களா? டூல் ஆஃப்செட் நீங்களே போட்டீர்களா? வரைபடத்தைப் படித்து புரோகிராமைத் திருத்தினீர்களா? மைக்ரோமீட்டரில் எந்த அளவு டாலரன்ஸ் வரை சரிபார்த்தீர்கள்? எத்தனை பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்தீர்கள்? இவற்றை எழுதுங்கள். படிக்கிறவர் அந்தத் துறைக்காரர் என்றால் இந்த வரிகளை வைத்தே உங்கள் தரத்தை எடைபோட்டுவிடுவார். பதவிப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரெஸ்யூமேயின் உச்சியில், பெயருக்குக் கீழே, நீங்கள் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை அவர்கள் விளம்பரத்தில் உள்ள சொல்லாலேயே எழுதலாம். விளம்பரம் ‘சிஎன்சி மெஷினிஸ்ட்’ என்று சொன்னால் ‘சிஎன்சி மெஷினிஸ்ட் பணிக்கான விண்ணப்பம்’ என்று ஆங்கிலத்தில் போடுங்கள். அது நீங்கள் கேட்கிற வேலையின் பெயர். தேடு கருவியில் உங்கள் ரெஸ்யூமே அகப்படுவதற்கும் அது போதும். பார்த்த வேலையின் பெயர், கீழே அனுபவப் பகுதியில், கடிதத்தில் உள்ளபடியே இருக்கட்டும். முதல் தொழிற்கூடத்துக் கடிதத்தில் ‘பொருத்துநர்’ என்று இருந்தால் அது ‘ஃபிட்டர்’. ‘அசெம்ப்ளி டெக்னீஷியன்’ என்று மெருகேற்ற வேண்டாம்.

இதோடு சேர்ந்த ஒரு நுணுக்கம். அனுபவக் கடிதத்தில் பெரும்பாலும் கடைசிப் பதவி மட்டும்தான் இருக்கும். உதாரணத்துக்கு, நீங்கள் இரண்டாவது தொழிற்கூடத்தில் 10.09.2016 அன்று சாதாரண இயந்திர இயக்குநராகச் சேர்ந்து, 01.04.2019 முதல் முதுநிலை ஆனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் ‘10.09.2016 முதல் 28.02.2021 வரை முதுநிலை இயந்திர இயக்குநராகப் பணிபுரிந்தார்’ என்று மொத்தமாகச் சொல்லிவிடும். கடிதத்தை மொழிபெயர்க்கிறவர் அதை அப்படியேதான் மொழிபெயர்க்க வேண்டும். ஆனால் ரெஸ்யூமேயில் உங்களுக்குத் தெரிந்த உண்மையை இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். பதவி உயர்வு ஆணை இருந்தால் அதையும் மொழிபெயர்த்துச் சேர்த்துவிடுங்கள். இது உங்களைக் குறைத்துக் காட்டாது. இரண்டரை வருடத்தில் பதவி உயர்வு கிடைத்தது என்பது, நாலரை வருடம் ஒரே பதவியில் இருந்தார் என்பதைவிட நல்ல செய்தி.

இப்போது படிப்பு. தமிழில் பட்டம், பட்டயம் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பொருளோ ஒரு படிப்பு அளவுக்கு மாறுகிறது. பட்டம் டிகிரி, பட்டயம் டிப்ளமா. அவசரத்தில் படிக்கிற மொழிபெயர்ப்பாளர் கண்ணில் ‘ய’ விழாமல் போனால், நீங்கள் பொறியியல் பட்டதாரி ஆகிவிடுவீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன் முதலில் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான். இதே போல ‘மேல்நிலைக் கல்வி’ என்பது பள்ளியின் கடைசி இரண்டு வருடம். அதை ‘ஹயர் எஜுகேஷன்’ என்று எழுதினால் பல்கலைக்கழகப் படிப்பு என்று பொருள் வந்துவிடும். ‘ஹயர் செகண்டரி’ என்றுதான் எழுத வேண்டும்.

ஜெர்மனி என்பதால் இன்னொரு கண்ணி இருக்கிறது. நாம் சொல்கிற டிப்ளமாவும் ஜெர்மன் மொழியின் ‘டிப்ளோம்’ என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் ஜெர்மனியில் டிப்ளோம் என்பது பல்கலைக்கழகமோ உயர்தொழிற்கல்லூரியோ கொடுத்த முழுப் பட்டம். பேச்சலர், மாஸ்டர் என்ற அமைப்பு வருவதற்கு முன்னால் பொறியாளர்கள் அங்கே வாங்கியது அதைத்தான். நம்முடைய மூன்று வருடப் பட்டயத்தை ஒருவர் நல்லெண்ணத்தோடு டிப்ளோம் என்று எழுதினால், அங்கே அது பல படி உயர்ந்த படிப்பாகத் தெரியும். பள்ளிக்கும் இப்படியே. ஆங்கிலத்தின் ‘ஹை ஸ்கூல்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ஜெர்மனில் போட்டால் ‘ஹோஹ்ஷூலே’ என்று வரும். அங்கே அதற்குப் பல்கலைக்கழக நிலை நிறுவனம் என்று அர்த்தம்.

இந்தத் தவறு எப்போது நடக்கிறது என்றால், தமிழிலிருந்து ஆங்கிலம், அந்த ஆங்கிலத்திலிருந்து ஜெர்மன் என்று இரண்டு கை மாறும்போது. இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் மூலத்தையே பார்த்திருக்க மாட்டார். அதனால் பிறகு ஜெர்மன் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால், ஆங்கிலத்தோடு தமிழ் மூலத்தின் நகலையும் கொடுங்கள். படிப்பின் பெயரை மூலத்தில் உள்ளபடியே ரோமன் எழுத்தில் வைத்துவிட்டு, அதை ஒட்டி ‘மூன்று வருடப் பட்டயப் படிப்பு’ என்று பொருளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

‘இது உங்கள் நாட்டுப் பேச்சலருக்குச் சமம்’ என்று மொழிபெயர்ப்பில் எழுதச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிட வேண்டும். சமமா இல்லையா என்று சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. அதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. ஜெர்மனியில் வெளிநாட்டுப் படிப்புகளையும் கல்வி நிறுவனங்களையும் பட்டியலிட்டிருக்கும் தரவுத்தளத்தின் பெயர் anabin. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்யும் அமைப்பு முன்பு நாரிக் என்ற பெயரில் இருந்தது, 2021 முதல் யுகே ஈனிக் என்ற பெயரில் இயங்குகிறது. மதிப்பெண்ணும் இப்படித்தான். 72 சதவீதம் என்றால் மொழிபெயர்ப்பிலும் 72 சதவீதம். அதை நாலுக்கு எத்தனை என்று மாற்றிக் கணக்குப் போட வேண்டாம். ‘முதல் வகுப்பு’ என்று இருந்தால் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’, அதை ‘டிஸ்டிங்ஷன்’ ஆக்க வேண்டாம்.

தேதி விஷயத்தைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். முதல் தொழிற்கூடத்தில் 15.07.2013 முதல் 31.03.2016 வரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது இடம் மேலே சொன்னபடி 10.09.2016 முதல் 28.02.2021 வரை. வருஷம் மட்டும் போட்டால் ‘2013–2016, 2016–2021’ என்று வரும். பார்க்கிறவர் கண்ணுக்கு இடைவெளியே இல்லாத 8 வருட அனுபவம். உண்மையான கணக்கு என்ன? முதல் இடத்தில் 2 வருடம் 8 மாதம் 17 நாள். இரண்டாவது இடத்தில் 4 வருடம் 5 மாதம் 19 நாள். கூட்டினால் 7 வருடம் 2 மாதம் சொச்சம். கிட்டத்தட்ட 10 மாதம் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. நீங்கள் ஒரு பொய் எண்ணைக்கூட எழுதவில்லை. ஆனாலும் இணைத்திருக்கும் அனுபவக் கடிதங்களில் நாள், மாதம் எல்லாம் அப்படியே இருக்கும். அவர்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவர் எதையோ மறைக்கத்தான் வருஷம் மட்டும் போட்டார் என்றுதான் தோன்றும். குறிப்பாக ஜெர்மனியில் ரெஸ்யூமேயில் மாதத்தையும் வருடத்தையும் போடுவதுதான் வழக்கம். வெறும் வருஷத்தைப் பார்த்தாலே ஏன் என்று கேட்பார்கள்.

5 மாதம் 9 நாள் இடைவெளி ஒரு குற்றம் இல்லை. ‘ஏப்ரல் 2016 முதல் செப்டம்பர் 2016 வரை: வேலை தேடல்’ அல்லது ‘குடும்பத்தில் நோயாளியைப் பார்த்துக்கொண்டேன்’ அல்லது ‘சிஎன்சி புரோகிராமிங் குறுகிய காலப் பயிற்சி’ என்று எது உண்மையோ அதை ஒரே வரியில் எழுதுங்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

தேதியை எழுதும் முறையில் ஒரு மாற்றம் மட்டும் அவசியம் செய்ய வேண்டும். 10.09.2016 என்பது நமக்கு செப்டம்பர் 10. அமெரிக்கப் பழக்கத்தில் 10/09/2016 என்று பார்க்கிறவருக்கு அது அக்டோபர் 9. இரண்டுமே செல்லுபடியாகிற தேதிகள் என்பதால் தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பில் மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுங்கள். இணையப் படிவம் எண்ணாகத்தான் வேண்டும் என்று கேட்டால், கட்டத்துக்குப் பக்கத்தில் எந்த வரிசை என்று போட்டிருக்கும். 2016-09-10 என்கிற மாதிரி வருடம் முதலில் வரும் முறையில் குழப்பத்துக்கு இடமில்லை. எழுதும் முறை மாறுவதால் தேதி மாறாது, ஆகவே இதில் தயங்க வேண்டாம்.

ஆனால் இல்லாத நாளைச் சேர்ப்பது தேதியை மாற்றுவதுதான். கடிதத்தில் ‘2013 ஜூலை முதல்’ என்று மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பும் ‘ஜூலை 2013’ என்பதோடு நிற்க வேண்டும். படிவம் நாளையும் கேட்டு விடாப்பிடியாக நின்றால், உங்களுக்கு நினைவிருக்கும் உண்மையான சேர்ந்த தேதியைப் போடுங்கள். நினைவில்லை என்றால் 1 என்று போட்டு, ‘கடிதத்தில் மாதம் மட்டுமே உள்ளது’ என்று குறிப்புப் பெட்டியில் எழுதிவிடுங்கள். தேர்ச்சி பெற்ற மாதமும் சான்றிதழ் வழங்கிய தேதியும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். தேர்வு ஏப்ரலில் முடிந்திருக்கும், சான்றிதழில் ஆகஸ்ட் என்று இருக்கும். இரண்டில் எதை ரெஸ்யூமேயில் போட்டாலும் அது எது என்று சொல்லிப் போடுங்கள்.

மூலத்திலேயே தவறு இருந்தால்? 2019 என்பதை 2091 என்று தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் புரிகிற பிழைதான். இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்தக் கூடாது. 2091 என்றே எழுதி, ‘மூலத்தில் உள்ளபடி’ என்று சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு போடுவார். சரியான வழி, கடிதம் கொடுத்தவரிடமே திரும்பப் போய்த் திருத்திய கடிதம் வாங்குவது. அவர் எழுதியதைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

அனுபவக் கடிதத்தையும் சான்றிதழையும் நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். ரெஸ்யூமேயை நீங்கள் எழுதலாம், மற்றவற்றை உங்களோடு சம்பந்தமில்லாத ஒரு மொழிபெயர்ப்பாளர் செய்து, முழுமையாகவும் சரியாகவும் மொழிபெயர்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேலை கொடுக்கிறவருக்கு இது போதும் என்பது உண்டு. படிப்பை அங்கீகரிக்கும் அலுவலகமோ விசா அலுவலகமோ கேட்டால் விதி இன்னும் கடுமையாக இருக்கும். ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துப் பதிவு செய்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், பல அலுவலகங்கள் அவர்கள் செய்ததைத்தான் ஏற்கும். ஆஸ்திரேலியாவில் நாட்டி என்ற அமைப்பின் சான்று பெற்றவர்களை எதிர்பார்ப்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் யார் செய்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்று அந்தக் கம்பெனியிடமே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நல்ல மொழிபெயர்ப்பு பார்ப்பதற்கும் மூலம் போலவே இருக்கும். மூலத்தில் மேலே முத்திரை இருந்தால் இங்கே அதே இடத்தில் ‘வட்ட முத்திரை’ என்று குறித்து, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்லியிருப்பார்கள். கையெழுத்து இருந்த இடத்தில் ‘கையொப்பம்’ என்று இருக்கும். படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் ‘படிக்க இயலவில்லை’ என்று விட்டிருப்பார்கள். உங்கள் பெயரின் எழுத்துக் கூட்டல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி வர வேண்டும் என்பதால், பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வேலை கொடுக்கிறவர் மட்டும் பார்க்கிற காகிதம் என்றால் வேலை போகும், சேர்ந்த பிறகு தெரிந்தாலும் போகலாம். அதே காகிதம் குடியேற்ற அலுவலகத்துக்கும் போனால் அது வேறு கதை. கனடாவில் தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. ‘மொழிபெயர்ப்பாளர் தப்பாக எழுதிவிட்டார்’ என்று சொல்லித் தப்ப முடியும் என்று நம்ப வேண்டாம், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்.

எல்லாம் தயாரான பிறகு, அனுப்புவதற்கு முந்தைய நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு நான்கு பத்திகள் பிரியுங்கள்: தமிழ் மூலம், மொழிபெயர்ப்பு, ரெஸ்யூமே, இணையப் படிவம். ஒவ்வொரு வேலைக்கும் பதவிப் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள். ஒவ்வொரு படிப்புக்கும் அதன் பெயர், காலம், தேர்ச்சி பெற்ற மாதம். கணினியில் நகலெடுத்து ஒட்டாமல், ஒவ்வொன்றையும் அந்தந்தக் காகிதத்தைப் பார்த்துப் பேனாவால் எழுதுங்கள். ஒட்டும்போது கண் தூங்கிவிடும், எழுதும்போது விழித்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் இரண்டு வேலை, ஒரு படிப்பு, ஆக ஒன்பது வரிதான். ஒரு வரியில் நான்கு பத்தியும் ஒன்றைச் சொல்லவில்லை என்றால் அங்கே பேனாவை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

அப்புறம் மொழிபெயர்ப்பை மட்டும், மூலத்தைப் பார்த்திராத, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ‘இவர் என்ன படித்தார், என்ன வேலை பார்த்தார், எவ்வளவு காலம்?’ என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவர் ‘இன்ஜினியரிங் டிகிரி படிச்சிருக்கார், எட்டு வருஷம் அனுபவம்’ என்று சொன்னால், எந்த வரியைப் படித்து அப்படி நினைத்தார் என்று கேளுங்கள். அந்த வரியைத்தான் மாற்ற வேண்டும். ‘மூணு வருஷ டிப்ளமா, முதல்ல ஃபிட்டர், அப்புறம் மெஷின் ஆப்பரேட்டர், 2019-ல சீனியர் ஆகியிருக்கார், நடுவுல அஞ்சு மாசம் வேலை இல்ல’ என்று சொன்னால், மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பிடிஎஃப்பில் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.